கட்டிய சந்தா கழகக் கணக்கில் வராதது குறித்து உறுப்பினர்களுக்குப் பொருளாளர் எழுதும் திறந்த மடல்

கடலூர்,
2025 நவம்பர் 2

மதிப்பிற்குரிய கழக உறுப்பினர்களுக்கும், இளையோர் பிரிவில் இறகுப்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

2025-26ஆம் ஆண்டுக்கான உறுப்பினர் சந்தா ரூ. 2,400. இதைக் கட்டிவிட்டதாக இதுவரை 97 பேர் தெரிவித்திருக்கிறார்கள். ஆனால் கழகத்தின் வங்கிக் கணக்கில் உறுப்பினர் பெயரோடு பொருத்திப் பார்க்கக்கூடிய வரவுகள் 71 மட்டுமே இருந்தன. மீதி 26 பேரின் சந்தா, அதாவது ரூ. 62,400, எங்கே என்ற கேள்விக்குக் கடந்த சில வாரங்களாக மஞ்சக்குப்பம் ஆடுகளத்தில் இரண்டு விதமான பதில்கள் உலவுகின்றன. கட்டாதவர்களே கட்டியதாகச் சொல்கிறார்கள் என்பது ஒன்று. யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்பது மற்றொன்று. வங்கி அறிக்கையை வரிவரியாகச் சரிபார்த்த பிறகு, இந்த இரண்டில் எதையும் அப்படியே ஏற்க முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பணம் சென்ற வழி என்ன, எது கிடைத்தது, எது இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்காததற்கு யார் பொறுப்பு என்பதை உங்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கவே இந்த மடல்.

முதலில், சிக்கல் இல்லாதவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த 26 பேரில் எட்டுப் பேரின் பணம் கழகக் கணக்குக்கு ஒழுங்காக வந்தே இருந்தது. மனைவியின் கணக்கிலிருந்தோ, மகனின் கணக்கிலிருந்தோ, ஒருவருடைய விஷயத்தில் அவர் நடத்தும் கடையின் கணக்கிலிருந்தோ வந்ததால், யாருடைய சந்தா என்று தெரியாமல் முந்தைய கணக்கில் அனாமத்தாக வைக்கப்பட்டிருந்தது. வங்கி அறிக்கையின் விவரப் பகுதியில் அனுப்பியவரின் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டு வருவதும் இதற்கு ஒரு காரணம். பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கிப் பொருத்திய பின் எட்டும் உரியவர் பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டன. இன்னும் இருவர் ரொக்கமாகக் கொடுத்தவர்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் அவர்கள் பெயர் இருக்கிறது; அந்தப் பணம் கோடைக்காலப் பயிற்சி முகாம் கட்டணத்தோடு சேர்த்து ஒரே தொகையாக வங்கியில் கட்டப்பட்டதால் தனியாகத் தெரியவில்லை. இந்தப் பத்துப் பேரும் இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த மூவரின் நிலை வேறு. இவர்கள் யுபிஐ வழியாகப் பணம் அனுப்பியபோது அவர்களுடைய கணக்கில் பற்று விழுந்தது; கழகக் கணக்கில் வரவு விழவில்லை. இப்படித் தொங்கி நிற்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவான விதி வகுத்திருக்கிறது. ஒருவர் மற்றொருவரின் கணக்குக்கு யுபிஐ மூலம் அனுப்பிய பணம் பெறுநர் கணக்கில் சேராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகவே அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். மூவரும் தங்கள் வங்கி அறிக்கையைக் கொண்டுவந்து காட்டியபோது, மூன்றிலும் மறுநாளே பணம் திரும்பி வந்திருந்தது தெரிந்தது. பற்று விழுந்த குறுஞ்செய்தியைப் பார்த்தவர்கள், திரும்பி வந்த குறுஞ்செய்தியைக் கவனிக்கவில்லை. அவர்கள் பணம் எங்கும் போகவில்லை. சந்தாதான் இன்னும் பாக்கி. ஒருவர் மறுபடி கட்டிவிட்டார், மற்ற இருவரும் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட், அதை எடுத்த நொடியில் இருந்த நிலையை மட்டுமே காட்டும். அதன் பிறகு நடந்ததை உங்கள் வங்கி அறிக்கைதான் சொல்லும். ஆகவே இனி ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஆதாரமாக ஏற்க இயலாது என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மீதமுள்ள பதின்மூன்று பேர்தான் இந்த மடலுக்குக் காரணம். அவர்கள் பணம் கணக்கிலிருந்து போயிருக்கிறது, திரும்பவும் வரவில்லை, கழகத்துக்கும் வரவில்லை. ஒருவருடைய பரிவர்த்தனையை மட்டும் முழுமையாக விளக்குகிறேன். மற்ற பன்னிரண்டும் அதே வழியில்தான் சென்றிருக்கின்றன.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் ஒரு பெற்றோர் 2025 ஜூன் 16 அன்று தன் மகனுக்காக ரூ. 2,400 அனுப்பினார். பணம் சென்று சேர்ந்ததாகப் பச்சை நிறக் குறியோடு திரையில் வந்ததை அவர் சேமித்து வைத்திருந்தார். அதில் இருந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண் 5167 என்று தொடங்கியது. யுபிஐ எண்களில் பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் அமையும். ஜூன் 16 ஆண்டின் 167ஆம் நாள். எனவே தேதியும் எண்ணும் ஒத்துப்போயின, படத்தைச் சந்தேகிக்க இடமில்லை. அந்த எண்ணைக் கழக வங்கி அறிக்கையில் தேடினேன், இல்லை. ஜூன் 16 முதல் 18 வரை வந்த ரூ. 2,400 வரவுகளைத் தேடினேன். இரண்டு இருந்தன, இரண்டும் வேறு உறுப்பினர்களுடையவை. பிறகு அவருடைய வங்கி அறிக்கையைப் பார்த்தோம். பற்று இருந்தது, அடுத்து வந்த பத்து நாட்களிலும் அந்தத் தொகை திரும்பியதற்கான வரவு இல்லை. அப்படியென்றால் பரிவர்த்தனை தோற்கவில்லை. பணம் ஏதோ ஒரு கணக்கில் வெற்றிகரமாகச் சேர்ந்திருக்கிறது.

எந்தக் கணக்கு என்பது அதே படத்தில்தான் இருந்தது. பெறுநர் பெயர் என்ற இடத்தில் கழகத்தின் பெயர் இல்லை. அவர் தன் கைப்பேசியில் அந்த எண்ணைச் சேமித்தபோது வைத்த ‘கிளப் சந்தா’ என்ற பெயர்தான் பெரிய எழுத்தில் தெரிந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், வங்கியில் பதிவாகியிருக்கும் உண்மையான பெயர் இருந்தது. அது கழகத்தின் முன்னாள் பொறுப்பாளர் ஒருவரின் பெயர். பணம் அனுப்பும் செயலிகள் வங்கியில் உள்ள பெறுநர் பெயரையே காட்ட வேண்டும், பயனர் தானாக வைத்துக்கொண்ட பெயரைக் காட்டக் கூடாது என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டு, ஜூன் 30 வரை அவகாசம் தந்திருந்தது. இந்தப் பணம் போனது அந்த அவகாசம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பு.

ஆடுகள வாயிலில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே, லேமினேட் செய்த அறிவிப்புத் தாள் ஒன்று தொங்கியது உங்கள் பலருக்கும் நினைவிருக்கும். சந்தாவை இந்த எண்ணுக்கு அனுப்பவும் என்று அதில் அச்சிட்டிருந்தது. வெயிலில் மங்கிய இரண்டு இலக்கங்களின் மேல் யாரோ பேனாவால் மறுபடி எழுதியிருந்தார்கள். இலக்கம் மாறிப்போய்ப் பணம் முன்பின் தெரியாதவருக்குச் சென்றிருக்குமோ என்ற அச்சம் எனக்கு முதலில் இருந்தது. பதின்மூன்று பேரின் அறிக்கைகளையும் ஒப்பிட்டதில் எல்லாம் ஒரே எண்ணுக்கு, ஒரே பெயருக்குச் சென்றிருப்பது உறுதியானது. அந்த வகையில் நிம்மதி. அந்த எண் முன்னாள் பொறுப்பாளருடையது. அது இணைந்திருப்பது அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில்.

வங்கியிடம் முறையிட்டால் பணம் திரும்பாதா என்று சிலர் கேட்டீர்கள். திரும்பாது. எழுதிய விலாசத்தில் மணியார்டரைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்ட தபால்காரரின் நிலைதான் வங்கியுடையது. நீங்கள் குறிப்பிட்ட எண்ணுக்கு, நீங்களே ரகசிய எண்ணை இட்டு அனுப்பிய பணத்தை, பெற்றவரின் ஒப்புதல் இல்லாமல் வங்கி தானாக எடுத்துத் தர முடியாது. நான் மேலே குறிப்பிட்ட அடுத்த நாள் விதி தோற்ற பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும். எனவே இந்தப் பதின்மூன்று பேரும் வங்கிக் கிளைக்கு அலைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டியது கழகத்தின் வேலை.

கழகத்துக்குச் சொந்தக் கணக்கு இருக்கும்போது ஒரு தனிமனிதரின் எண் அறிவிப்புப் பலகைக்கு எப்படி வந்தது என்பது நியாயமான கேள்வி. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான நம் கழகத்தின் வங்கிக் கணக்கை, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் இயக்க முடியும். இது பணத்துக்குப் பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் இருவர் சேர்ந்து இயக்கும் கணக்கைச் சாதாரண யுபிஐ செயலியில் இணைக்க முடியாது, ஏனென்றால் அங்கே ஒரே ஆள் ஒரே ரகசிய எண்ணில் பணம் எடுத்துவிடலாம். நிறுவனங்களுக்கான க்யூஆர் குறியீட்டை வங்கியிடம் கேட்டு வாங்கலாம். அதற்குப் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல், கழகத்தின் பான் அட்டை, பதிவுச் சான்றிதழ், கையெழுத்திடுவோரின் அடையாள ஆவணங்கள் ஆகியவை வேண்டும். இந்தத் தாள்களைத் திரட்டும் சிரமத்தைத் தள்ளிப்போட்டு, ‘தற்போதைக்கு என் எண்ணுக்கு அனுப்புங்கள், நான் மாற்றிவிடுகிறேன்’ என்று ஒருவர் முன்வந்ததை அன்றைய நிர்வாகக் குழு ஏற்றிருக்கிறது. அப்போது அது உதவியாகவே பார்க்கப்பட்டது. உதவியாகவே இருந்தும் இருக்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டைப் பதிவு செய்யும் ஒரு வரிகூடத் தீர்மானப் புத்தகத்தில் இல்லை. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், யார் பெயர்களோடு மாற்ற வேண்டும் என்று எழுதிவைக்காத ஏற்பாட்டில், நாணயமான மனிதருக்கும் கணக்குக் குழம்பத்தான் செய்யும்.

குழம்பியதற்கு ஆதாரம் நம் வங்கி அறிக்கையிலேயே இருக்கிறது. பதின்மூன்று பேர் அனுப்பியது ரூ. 31,200. முன்னாள் பொறுப்பாளர் ஜூலை மாதத்தில் ரூ. 9,600ஐ ஒரே தொகையாகக் கழகக் கணக்குக்கு மாற்றியிருக்கிறார். அது நான்கு பேரின் சந்தாவுக்குச் சமம். யார் யாருடையது என்ற பட்டியல் இல்லாததால் முந்தைய கணக்கில் அது நன்கொடை என்று பதிவாகிவிட்டது. இதை நான் சந்தா வரவாகத் திருத்தியிருக்கிறேன். ஆக, அவரிடமிருந்து வர வேண்டியது ரூ. 21,600.

இது குறித்து அவரிடம் நேரில் பேசினேன். பணம் வந்ததை அவர் மறுக்கவில்லை. அதிலிருந்து கழகத்துக்காக ஷட்டில் வாங்கியதாகவும் மின் கட்டணம் கட்டியதாகவும் சொன்னார். ஷட்டில் டியூப் ஐந்துக்கான கடை ரசீது, ரூ. 7,800, என்னிடம் தந்திருக்கிறார். தேதியும் நம் இருப்புப் பதிவேட்டில் ஐந்து டியூப் வந்ததாக உள்ள தேதியும் பொருந்துவதால், நிர்வாகக் குழு ஒப்புதல் தந்தால் அதைச் செலவாக ஏற்பதில் எனக்குத் தடை இல்லை. மின் கட்டணம் அப்படியல்ல. அவர் குறிப்பிடும் அதே பட்டியலுக்கான தொகை கழகக் காசோலை மூலம் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்கிறது. அவரும் கட்டியிருந்தால் இரட்டிப்பாகச் சென்ற தொகை நம் மின் இணைப்பின் கணக்கில் முன்பணமாக நின்று, அடுத்த பட்டியலில் கழிந்திருக்க வேண்டும். அடுத்த பட்டியலில் அப்படி எதுவும் கழியவில்லை. தான் செலுத்தியதற்கான ரசீதைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை, ஷட்டில் செலவு போக ரூ. 13,800 கணக்குக் காட்டப்படாத தொகையாகவே என் புத்தகத்தில் நிற்கும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பலருக்குத் தெரிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கு முடியாத நிலையில் எழுத்தில் ஒருவர் மேல் பழி சுமத்துவது முறையல்ல, அது கழகத்துக்கும் நல்லதல்ல. அதே நேரத்தில், ‘தெரிந்தவர்தானே, பெரிதுபடுத்த வேண்டாம்’ என்று என்னிடம் சொன்ன சில மூத்த உறுப்பினர்களோடு நான் உடன்படவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இல் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. பிறருக்காகப் பணம் வசூலிக்கும் முகவர் கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது பிரிவு 213. அந்தப் பணியில் முறையாகச் செய்த செலவை வசூலித்த தொகையிலிருந்து அவர் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 217. அப்படிப் பிடித்தது போக மீதியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிரிவு 218. நாம் அவரிடம் கேட்பது இந்த மூன்றுக்கும் மேல் எதுவும் இல்லை. ரசீது இருந்தால் கழித்துக்கொள்ளட்டும். இல்லாததைத் திருப்பித் தரட்டும்.

இனி அந்தப் பதின்மூன்று உறுப்பினர்களின் நிலை. அவர்களை மறுபடி கட்டச் சொல்ல வேண்டும் என்று குழுவில் ஒரு கருத்து எழுந்தது. நான் அதை எதிர்த்தேன். கழகமே தன் வாயிலில் தாள் தொங்கவிட்டு, இவரிடம் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கட்டியவரிடம், ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று இப்போது கைவிரிக்க முடியாது. அதிகாரம் இருப்பதாகப் பிறரை நம்பவைத்தவர் அதன் விளைவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதே அதே சட்டத்தின் பிரிவு 237. ஆகவே அறிவிப்புத் தாள் தொங்கிய காலத்தில் கட்டிய பத்துப் பேரின் சந்தாவும் கட்டப்பட்டதாகவே கொள்ளப்படும். அவர்களுக்கு ரசீது எழுதி வைத்திருக்கிறேன். பணம் முழுமையாகத் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் இதில் மாற்றம் இல்லை. குறைவது கழகத்தின் குறையாக இருக்கட்டும்.

மற்ற மூவரும் அந்தத் தாளை அகற்றிப் புதிய க்யூஆர் குறியீட்டை ஒட்டிய ஆகஸ்ட் 3க்குப் பிறகு, கைப்பேசியில் பழையபடி சேமித்திருந்த எண்ணுக்கே அனுப்பியவர்கள். இவர்களையும் அதே தட்டில் வைக்க முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மாற்றத்தைப் பலகையில் ஒட்டினோம், காலை ஆட்டத்துக்கு வந்தவர்களிடம் நேரில் சொன்னோம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதமோ செய்தியோ அனுப்பவில்லை. மூவரில் இருவர் அந்த மாதங்களில் ஆட வரவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்வது கடினம். மூவருக்கும் ரசீது தரலாம் என்பது என் பரிந்துரை. எனினும் இது பொதுக்குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதால் அங்கே வைக்கிறேன். அதுவரை அவர்கள் ஆடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

புதிய க்யூஆர் குறியீடு குறித்து இரண்டு செய்திகள். அதை ஸ்கேன் செய்தால் கழகத்தின் பதிவுப் பெயர் முழுமையாகத் திரையில் வர வேண்டும். வேறு எந்தப் பெயர் வந்தாலும், அது என் பெயராகவே இருந்தாலும், பணம் அனுப்பாதீர்கள். ஒட்டிய குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி கடைகளில் நடப்பது நீங்கள் அறிந்ததுதான். மற்றொன்று, இவ்வகைக் குறியீடுகளில் சில, ஒரு நாளில் வந்த பணம் அனைத்தையும் சேர்த்து மறுநாள் ஒரே தொகையாக வரவு வைக்கும். அப்படி வந்தால் நாம் மறுபடியும் பெயர் தெரியாத அனாமத்தில்தான் போய் நிற்போம். எனவே ஒவ்வொரு பரிவர்த்தனையும் தனி வரியாக வரும்படி வங்கியில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றிருக்கிறோம். பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் உங்கள் உறுப்பினர் எண்ணை மட்டும் இடுங்கள். பெயர் வெட்டுப்படும், மூன்று இலக்க எண் வெட்டுப்படாது.

சந்தா கட்டியும் ரசீது கிடைக்காத எவரேனும் இந்த 26 பேருக்கு வெளியே இருந்தால், பணம் சென்ற மாதத்தின் வங்கி அறிக்கையில் அந்தப் பற்று உள்ள பக்கத்தையும், அதற்கடுத்த பத்து நாட்களுக்கான பக்கத்தையும் எடுத்து வாருங்கள். மற்ற வரிகளை மறைத்துவிடலாம். தேதி, தொகை, பரிவர்த்தனை எண், பெறுநர் பெயர் தெரிந்தால் போதும். தயவுசெய்து இவற்றைக் கழக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். சென்ற வாரம் ஒருவர் போட்ட படத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு, சந்தாவைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஓர் அழைப்பு வந்திருக்கிறது. கழகம் யாரையும் அப்படி அழைக்காது. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டிய தேவையும் கிடையாது.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஆட்டம் முடிந்ததும் 8 மணி முதல் 10 மணி வரை ஆடுகள அலுவலக அறையில் இருப்பேன். வங்கி அறிக்கை, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், இருப்புப் பதிவேடு மூன்றும் மேசையில் இருக்கும். எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம். கடைசி ஞாயிறான நவம்பர் 23 அன்று 10 மணிக்கு அதே இடத்தில் பொதுக்குழு கூடும், அதற்கான அறிவிப்பைச் செயலாளர் தனியாக அனுப்புவார். முன்னாள் பொறுப்பாளரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மின் கட்டண ரசீது குறித்து அவர் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்வார்.

இப்படிக்கு,
பொருளாளர்